பதிவேட்டில் தொண்ணூறு

மட்டாஞ்சேரிக்கு நான் வந்தபோது எனக்கு வயது இருபத்தாறு. சொந்த ஊர் தேனிப் பக்கம். மைசூர் சி.எப்.டி.ஆர்.ஐ.யில் மாவரைப்புப் பயிற்சி முடித்திருந்தேன். பஜார் ரோட்டில் இறங்கி நடந்தால் ஒரு கடையில் மிளகு, அடுத்ததில் சுக்கு, அதற்கடுத்து அரிசி மூட்டை என்று மூக்குக்கு ஓயாத வேலை. காயலை ஒட்டியிருந்த எங்கள் ஆலைக்குள் நுழைந்தால் அத்தனை வாசனையும் அடங்கி, அரைபட்ட கோதுமையின் இளஞ்சூட்டு மணம் மட்டும் இருக்கும். முப்பது வருடம் நான் அந்த மணத்தில்தான் வாழ்ந்தேன். அதில் வேறு ஏதாவது கலந்தால் தூக்கத்திலும் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். 1994 ஜூன் மாதத்து ஓர் இரவில் அது எனக்குத் தெரியத்தான் செய்தது. தெரிந்தும் நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

அன்று பத்து மணி ஷிப்டுக்கு நான்தான் இன்சார்ஜ். பருவமழை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கீழ்த்தளத்தில் பேக்கிங் அறை. அதன் ஒரு மூலையில் மைதாவை மறுசலிப்புக்கு மேலே கொண்டுபோகும் வாளி எலிவேட்டர். கீழே அடிப்பெட்டி, மூன்றாம் மாடியில் தலைப்பெட்டி, இரண்டுக்கும் நடுவே தகரக் கூண்டுக்குள் வாளிகள் கோத்த ரப்பர் பெல்ட். இரண்டு ஐம்பதுக்கு அதன் ஆம்பியர் மீட்டர் வழக்கமான நான்கிலிருந்து ஐந்தரைக்கு ஏறியது. அடிப்பெட்டியில் மாவு அடைத்துக்கொண்டது என்பதற்கு அது அடையாளம். அடுத்த கால் மணி நேரத்தில் மீட்டர் மறுபடி இறங்கியது. அடைப்பு தானாக விட்டுவிட்டது என்று ஆப்பரேட்டர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மையில் விட்டுப்போனது பெல்ட்டின் பிடி. கீழே மாவு இறுகி வாளிகள் நகராமல் நிற்க, மேலே தலைப்பெட்டியின் உருளை மட்டும் பெல்ட்டுக்கு அடியில் சுழன்றுகொண்டிருந்தது. பெல்ட் வழுக்கும்போது மோட்டாருக்குப் பாரம் குறைந்துவிடும். அதனால் ஓவர்லோடு ரிலே விழவே விழாது. மோட்டாரைக் காக்க வைத்த ரிலேயை நம்பி நாங்கள் பெல்ட்டைக் கவனிக்காமல் விட்டோம். ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்த ரப்பர் சூடேறிக் கனியத் தொடங்கியது.

மூன்று ஐந்துக்கு ரப்பர் கருகும் வாசனை வந்தது. எலிவேட்டரை நிறுத்தச் சொன்னேன். அதுவரைக்கும் சரி. அடுத்து நான் மூன்று மாடி ஏறித் தலைப்பெட்டியின் தகரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஆறு மணிக்குள் லாரிக்கு மைதா ஏற்றியாக வேண்டும், அடைப்பை எடுத்தால் போதும் என்ற எண்ணம்தான் முன்னே நின்றது. பேக்கிங்கில் இருந்த சேட்டன் அடிப்பெட்டியின் பலகையைத் திறந்து மாவைத் தரையில் வாரி விட்டார். குவியல் முழங்கால் உயரத்துக்கு வந்தது, அறை வெண்மையானது. பெல்ட் விடுபட்டதா என்று பார்க்க ஆப்பரேட்டர் ஸ்விட்சைப் போட்டு அணைத்தார். ஒரே ஒரு உலுக்கல்தான். மேலே கனிந்திருந்த ரப்பர்த் துண்டு கூண்டு வழியே விழுந்து, திறந்திருந்த வாயில் வந்து நின்றது.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரச் சாக்கைத் தரையில் அறைந்ததுபோல ஒரு ‘புஸ்’. ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தரையிலிருந்து எழுந்து அறையின் பாதிவரை வந்தது. அந்த அதிர்வில் தலைக்கு மேலிருந்த கேபிள் தட்டுகளிலிருந்து வெள்ளைத் திரைபோல மாவு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் திரையும் பற்றியது. இரண்டாவதுதான் பெரியது. காயல் பக்கத்து ஜன்னல்கள் படீரென்று திறந்துகொண்டன, இரண்டு கண்ணாடி உடைந்தது. எல்லாம் சேர்ந்து மூன்று விநாடிகூட இராது. சேட்டனின் முன்கைகள் இரண்டும் முகமும் வெந்தன. ஆப்பரேட்டருக்குப் புருவமும் முன்முடியும் கருகின. சேட்டன் போட்டிருந்தது பாலியெஸ்டர் சட்டை, அது தோளில் உருகி ஒட்டிக்கொண்டது. பருத்தி பனியன் இருந்த இடத்தில் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எந்த ஆலையிலும் நான் பாலியெஸ்டர் சட்டையோடு யாரையும் ஷிப்டுக்கு விட்டதில்லை.

குவியல் புகைந்துகொண்டிருந்தது. ஒருவர் ஓஸ் குழாயை இழுத்து வந்தார், நான் தடுத்தேன். மாவுக் குவியலில் நேர்த்தாரையாகத் தண்ணீர் அடித்தால் மாவு மறுபடி எழும்பும், மறுபடி பற்றும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் கிட்டத்தில் வைத்துப் பீய்ச்சினாலும் அதே கதிதான். சாக்குகளை நனைத்து மெதுவாகப் போர்த்தினோம். உறிஞ்சு ஃபேனையும் நிறுத்தினோம், இல்லையென்றால் கங்கு அதன் வழியே ஃபில்டர் பைகளுக்குள் போயிருக்கும். தலைப்பெட்டியில் கனிந்துகொண்டிருந்த பெல்ட்டைத் தீயணைப்புப் படையினர் வந்து அறுத்தெடுத்தபோது மணி ஐந்து.

அறைக்கு ஒரு கதவு உண்டு. கதவுக்கு அப்பால் தவிட்டு அறை, அதைத் தாண்டினால் மாடிப்படி. தீ அந்தக் கதவைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்பது காலையில் வெளிச்சம் வந்த பிறகுதான் புரிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, வண்டு மருந்துப் புகை போடுவதற்காகத் தவிட்டு அறையை உத்தரம் முதல் தரைவரை துடைத்திருந்தார்கள். எரிய அங்கே மாவே இல்லை.

இந்த இடத்தில் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த எல்லாரிடமும் இதைச் சுவரில் எழுதிக் காட்டியிருக்கிறேன். கோதுமை மாவு காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம் மிதந்தால் தீ ஓடும். கேட்பதற்கு 60 கிராம் கொஞ்சமாகத் தோன்றும், ஆனால் அவ்வளவு மாவு மிதக்கும் காற்றில் இரண்டு மீட்டர் தள்ளி எரியும் பல்பு கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஓர் அறையில் மனிதன் நின்று வேலை செய்ய முடியாது. ஆகவே ஆபத்தான அடர்த்தி எப்போதும் எந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும், அல்லது உத்தரத்தின் மேல் படுத்துக் காத்திருக்கும். எங்கள் பேக்கிங் அறை 12 மீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரம். மொத்தம் 384 கன மீட்டர். அறை முழுவதும் தீ ஓட 23 கிலோ மாவு போதும். ஐம்பது கிலோ மைதா மூட்டையில் பாதிகூட இல்லை. மறுநாள் கேபிள் தட்டு, குழாய் முதுகு, உத்தர விளிம்பு எல்லாவற்றிலும் எரியாமல் மிஞ்சியதைக் கூட்டித் தராசில் வைத்தேன். 31 கிலோ இருந்தது. விழுந்து எரிந்தது எவ்வளவு என்று கணக்கிட வழியில்லை. ஜன்னல்கள் திறந்துகொண்டதால் அழுத்தம் வெளியே போனது, அதனால்தான் அது வெறும் தீப்பாய்ச்சலாக முடிந்தது. ஜன்னலில்லாத அறையாக இருந்திருந்தால் சுவர் போயிருக்கும்.

மழைக்காலத்தில் மாவு பற்றாது என்று அந்த வட்டாரத்தில் எல்லாரும் நம்பினார்கள். எனக்கும் அரை நம்பிக்கை இருந்தது. ஆலையில் வரும் மைதாவில் எப்போதும் சுமார் 14 சதவீதம் ஈரம் உண்டு, அந்த ஈரத்தோடுதான் அது எரிகிறது. கொச்சியின் மழைக்காற்று அதைத் தடுக்கவில்லை. எங்கள் விஷயத்தில் மழைதான் காரணத்தின் தொடக்கமாகவே இருந்தது. அதைக் கண்டுபிடித்தது பதிவேடுகள் வழியாக.

காலை ஏழு மணிக்கு மேலாளர் வந்தார். சேட்டனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். “ஷார்ட் சர்க்யூட் என்று எழுதிக் கொடுங்கள், இன்ஷூரன்ஸுக்கு அதுதான் சுலபம்” என்றார். கெட்ட மனிதர் அல்ல, அப்படித்தான் எல்லா ஆலைகளிலும் எழுதி வந்தார்கள். நான் அவரைக் கேபிள் தட்டுக்கு அழைத்துப் போனேன். ஷார்ட் ஆகியிருந்தால் செம்புக் கம்பி உருகி மணிமணியாக உருண்டு நிற்கும், உறை உள்ளிருந்து வெளியே வெந்திருக்கும். இங்கே உறை வெளிப்பக்கம் மட்டும் கருத்திருந்தது, ஃபியூஸ்கள் எதுவும் போகவில்லை. தட்டின் மேல் மிஞ்சிய மாவு பிஸ்கட் நிறத்தில் மெல்லிய ஓடாக வெந்திருந்தது. சாக்கு மூட்டைகளின் நுனி நார் மட்டும் பொசுங்கி, சாக்கு அப்படியே இருந்தது. நின்று எரிந்த தீயில் இந்த அடையாளங்கள் இருக்காது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, “எழுதுங்கள், ஆனால் உங்கள் கையெழுத்தும் அதில் வரும் தெரியுமா” என்றார்.

அவர் சொன்னது சரி. தொழிற்சாலைகள் சட்டம் 1948-இல் 88-ஆம் பிரிவின்படி, காயம்பட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால் தகவல் கொடுத்தாக வேண்டியிருந்தது. 37-ஆம் பிரிவு, பற்றக்கூடிய தூசு எழும் இடத்தில் எந்திரத்தை மூடி வைக்கவும், தூசு சேராமல் அகற்றவும், தீப்பிடிக்கக் காரணமாகும் எல்லாவற்றையும் விலக்கவும் சொன்னது. தொழிற்சாலைகள் கொதிகலன்கள் துறையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் என் அறிக்கையை ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று பதிவேடுகளைக் கேட்டார். தினமும் எத்தனை டன் அரைத்தோம் என்ற பதிவேடு, உறிஞ்சு ஃபில்டரின் பதிவேடு, துப்புரவுப் பதிவேடு. மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒரே தேதியின் வரிகளைச் சேர்த்து வாசிக்கத் தொடங்கினார். அதுவரை அவற்றை ஒன்றாக வைத்து வாசித்தவர் எங்கள் ஆலையில் ஒருவர்கூட இல்லை.

ஃபில்டர் பதிவேட்டில், பைகளுக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தை மில்லிமீட்டர் நீர்மட்டத்தில் எழுத வேண்டும். ஏப்ரல் ஒன்றிலிருந்து ஜூன் வரை எல்லா ஷிப்டிலும் 90. மூன்று பேனா, மூன்று கையெழுத்து, ஒரே 90. நடுவே அரைப்பு கூடியிருக்கிறது, மழை வந்திருக்கிறது, இரண்டு நாள் ஆலை நின்றும் இருக்கிறது. ஃபேன் நின்ற அந்த இரண்டு நாளுக்கும் 90 எழுதப்பட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அந்த வரியில் விரலை வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஃபில்டர் இருந்த இடத்துக்கு இன்ஸ்பெக்டரும் மேலாளரும் நானும் போனோம். யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் 90-இல் நின்றது, ஃபேன் ஓடவே இல்லை. ஃபேன் நின்றால் இரண்டு பக்கத் தண்ணீரும் சமமாகிவிட வேண்டும். குழாயைக் கழற்றினேன். உள்ளே மாவு பசையாகி இறுகி, கட்டைவிரல் நீளத்துக்கு அடைப்பு. யாரும் பொய்யாக எழுதவில்லை. கண்ணாடியில் தெரிந்ததைத்தான் எழுதினார்கள். ஆனால் கண்ணாடி எப்போதோ செத்துப்போயிருந்தது.

பிறகு பைகளைத் திறந்தோம். உள்ளே போன மாவைப் பிடித்து, அவ்வப்போது அழுத்தக் காற்றால் உதறிக் கீழே தள்ளும் ஏற்பாடு அது. துணி ரப்பர் ஷீட்டைப்போல விறைத்திருந்தது, நகத்தால் கீறினால் அப்பளமாகப் பெயர்ந்தது. உதறும் காற்று கம்பிரஸரிலிருந்து வருகிறது. கம்பிரஸர் தொட்டியின் அடியில் ஒரு சின்னக் குழாய்த் திருகு உண்டு, ஷிப்டுக்கு ஒருமுறை திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். கொச்சியில் ஜூன் மாதக் காற்றை அழுத்தினால் தண்ணீர் கொட்டும். திருகைத் திறந்ததும் ஒரு வாளி நிறைய வந்தது. அத்தனை நாளும் அந்தத் தண்ணீர் பைகளின் மேல்தான் பீய்ச்சப்பட்டிருக்கிறது. மாவும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மாவு ஆலைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பை அடைத்தது, உறிஞ்சும் காற்று குறைந்தது, எலிவேட்டரின் இடுக்குகளிலும் பேக்கிங் வாயிலும் மாவு அறைக்குள் கசிந்தது, கசிந்தது மேலே போய்ப் படிந்தது.

மிச்சம் இருந்தது துப்புரவுப் பதிவேடு. ‘கேபிள் தட்டு, உத்தரம்: வாரம் ஒருமுறை’ என்ற வரிசையில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. நான்கில் ஒன்று என் கையெழுத்து. பகல் ஷிப்டில் கூட்டும் சேச்சியை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுக் கேட்டார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சாரே, ஏணி விஷுவுக்கு முன்னாலயே வேற கட்டடத்துக்குப் போச்சு. ஏணி இல்லாம நான் எப்படி மேல ஏறுவேன்? கீழ கூட்டினேன், அதுக்குத்தான் டிக் போட்டாங்கன்னு நினைச்சேன்.” விஷு ஏப்ரல் நடுவில். இரண்டு மாதமாக அந்த அறையின் கழுத்துக்கு மேல் யாரும் போகவில்லை. நான் தினமும் அதன் அடியில் நடந்திருக்கிறேன்.

அறிக்கையை அன்று இரவு மறுபடி எழுதினேன். முதல் பிரதியில் ரப்பர்த் துண்டு விழுந்ததோடு முடித்திருந்தேன். இரண்டாம் பிரதியில் அதற்கு முன் கம்பிரஸர் தொட்டியின் திருகு, பைகள், செத்த கண்ணாடி, ஏணி, என் கையெழுத்து இவ்வளவும் வரிசையாக வந்தன. வாசனை வந்தும் மேலே போய்ப் பார்க்காமல் ஸ்விட்ச் போட அனுமதித்தவன் நான் என்றும் எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. சேட்டன் பதினோரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். கையில் தோல் வெளுத்திருந்தது. முதல் நாளே பேக்கிங் அறையில் நின்று மேலே நிமிர்ந்து பார்த்தார்.

உலகில் மாவு வெடிப்பு பற்றி எழுதப்பட்ட பழைய அறிக்கைகளில் ஒன்றும் இப்படித்தான் தொடங்குகிறது. 1785 டிசம்பர் 14-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மாவுக் கிடங்கில் பையன் ஒருவன் விளக்கை மாட்டி வைத்து மாவைத் தோண்டிக்கொண்டிருந்தான். மேலே குவிந்திருந்த மாவு சரிந்தது, புகைபோல எழுந்தது, விளக்கில் பற்றியது. பையனின் முகமும் கைகளும் வெந்தன. மொரோஸோ பிரபு என்பவர் அதை விசாரித்து அங்கிருந்த அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அதை முதல்முறை வாசித்தபோது சேட்டனின் முன்கைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

இன்னொன்று அண்மைக் காலத்தது, அதை என்னால் மனம் பதறாமல் வாசிக்க முடியவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்ப்ரியா என்ற ஊரில் டிடியன் நிறுவனத்தின் மக்காச்சோள ஆலை. 2017 மே 31 இரவு, தொழிலாளர்கள் புகை வாசனையை உணர்ந்து அது எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். தேடிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். பின்னால் நடந்த குற்ற வழக்கில், துப்புரவு நடந்ததாகக் காட்டும் பதிவேட்டில் பொய்யாக எழுதியதை ஷிப்ட் மேற்பார்வையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். நிறுவனமும் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அவர்கள் என்னைவிடக் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. டிக் போடும் கை எப்படிப் பழகுகிறது என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் செய்யாததற்கு மனம் உறுத்தும், நான்காம் வாரம் கட்டம் காலியாக இருப்பதுதான் உறுத்தும்.

அதன் பிறகு நான் வேலை பார்த்த ஆலைகளில் துப்புரவுப் பதிவேட்டில் டிக்கை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் எடை. எந்த இடத்திலிருந்து எத்தனை கிலோ கூட்டி எடுத்தீர்கள் என்று தராசில் வைத்து எழுத வேண்டும். எடையைப் பொய்யாக எழுதலாம்தான், ஆனால் பொய்யெடை ஒரே மாதிரி வரும், நிஜ எடை மழையோடும் அரைப்போடும் ஏறி இறங்கும். ஒரு வாரம் கேபிள் தட்டிலிருந்து இரண்டு கிலோ, அடுத்த வாரம் ஐந்து என்றால் நான் கூட்டுபவரிடம் போக மாட்டேன், நேராக ஃபில்டருக்குத்தான் போவேன். கூட்டுவதற்கு அதிகம் இருக்கிறது என்றால் எங்கோ காற்று குறைந்திருக்கிறது. அழுத்தக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவதை அடியோடு நிறுத்தினேன். பத்து நிமிட வேலை மிச்சம் என்று ஊதுகிறார்கள், ஊதும் அந்தப் பத்து நிமிடமும் அறை வெடிமருந்தாக இருக்கிறது. வாக்குவம் குழாய் வாங்க நிர்வாகத்தோடு இரண்டு வருடம் போராட வேண்டியிருந்தது. உத்தர விளிம்புகளின் மேல் செங்குத்தாகச் சரியும் தகர மூடி போட்டோம், மாவு அதில் நிற்காமல் வழுக்கிவிடும். எலிவேட்டரின் அடி உருளைக்குச் சுழற்சியை எண்ணும் ஸ்விட்ச் வந்தது. உருளை தளர்ந்த சில நொடிகளில் மோட்டார் நின்றுவிடும், அந்த இரவுக்கு இருந்திருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

ஃபில்டர் பதிவேட்டில் ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்ணாக்கினேன்: ஃபேன் ஓடும்போது எவ்வளவு, நிறுத்தியபின் எவ்வளவு. இரண்டாவது பூஜ்யத்துக்கு வராவிட்டால் முதலாவதை எழுதவே கூடாது. எண் திடீரென்று ஏறினால் பை அடைக்கிறது, திடீரென்று இறங்கினால் பை கிழிந்திருக்கிறது, அசையவே இல்லையென்றால் குழாயைக் கழற்று. புதிதாக வந்த பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும், ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஃபேனை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கப் பழக்க ஒரு வருடம் ஆகும்.

ஓய்வு பெற்ற பிறகு சில ஆலைகள் ஆலோசனைக்குக் கூப்பிடுகின்றன. போன வருடம் ஓர் ஆலைக்குப் போனேன். எல்லாம் கணினித் திரையில் ஓடுகிறது, ஃபில்டரின் அழுத்தம் பச்சை எண்ணாகத் திரையில் நிற்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே பதிவாகிறது. இளம் ஷிப்ட் இன்சார்ஜ் பெருமையோடு ஆறு மாதப் பதிவை விரித்துக் காட்டினார். “தம்பி, ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்” என்றேன். ரோலர்களுக்கு ஊட்டத்தை நிறுத்திவிட்டு ஃபேனை அணைத்தார்கள். இறங்கிக்கொண்டே வந்த இரைச்சல் முழுவதும் அடங்கிற்று. திரையில் 88 அப்படியே நின்றது. இருவரும் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம்.